தேங்காயெண்ணெய் உறைகிற ஊரில் துணி துவைப்பது

கார்த்திகை பிறந்துவிட்டால் கோத்தகிரி பக்கத்து அரவேணுவில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. உள்ளே வெள்ளையாக உறைந்து கிடக்கும். குளிக்கப் போகிறவர்கள் பாட்டிலை வெந்நீர் வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள், இல்லையென்றால் அடுப்போரம் வைப்பார்கள். வாய் அகன்ற டப்பாவில் வாங்கிவைத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி எடுக்கிற வீடுகளும் உண்டு. தேங்காயெண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் உருகும். மார்கழியில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் மத்தியானத்தில்கூட அந்தச் சூடு இருக்காது. குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கை விறைத்துப்போகும்.

பாட்டிலில் உறைகிற எண்ணெய் தலையணை உறையிலும் உறைந்துதான் இருக்கும். சட்டைக் காலரிலும் அப்படியே. நம் தோலில் சுரக்கிற எண்ணெய்ப்பசை உடம்புச் சூட்டில் இளகி இருக்கும். துணியில் ஒட்டி ஆறியதும் அதில் ஒரு பகுதி மெழுகுபோல இறுகிவிடும். அதன்மேல் புழுதி படிந்தால் அதுதான் காலர் அழுக்கு. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கிறவர்கள் பச்சைத் தண்ணீரிலேயே இதைக் கும்மி எடுத்துவிடலாம், அங்கே குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரி இருக்கும். இங்கே அதே சோப்பு, அதே கை, அதே துணி, ஆனால் பிசுக்கு போகாது. "மலைத் தண்ணிக்கு சோப்பு கேட்காது" என்று புதிதாக வந்தவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். தண்ணீரில் குறை ஏதும் இல்லை. பார்க்கப்போனால் எங்கள் ஓடைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீரெல்லாம் சுண்ணாம்புச் சத்து குறைந்த மெல்லிய தண்ணீர், சோப்புக்கு மிகவும் ஏற்றது. குறை சூட்டில்தான்.

வெந்நீர் பிசுக்கைப் போக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். பிசுக்கைப் போக்குவது சோப்புதான். வெந்நீர் அதற்கு வழிவிடுகிறது, அதுவும் சில பிசுக்குகளுக்கு மட்டும். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டால் விறகும் கேஸும் மிச்சம், துணியும் மிச்சம்.

முதலில் சோப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு சோப்பு மூலக்கூறு நீளமானது. ஒரு முனை தண்ணீரோடு சேரும், அதைத் தலை என்பார்கள். மீதி முழுவதும் எண்ணெயின் இனத்தைச் சேர்ந்த வால். அந்த வாலுக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீரில் கரைந்ததும் இந்த மூலக்கூறுகள் வாலுக்கு இடம் தேடுகின்றன. தண்ணீரின் மேற்பரப்பில் வாலைக் காற்றுப் பக்கம் நீட்டி நிற்கும். துணியிலுள்ள எண்ணெயில் வாலைச் செருகித் தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து நிற்கும். இந்த இடங்களெல்லாம் நிரம்பிய பிறகு மிச்சமிருப்பவை ஐம்பது, நூறு என்று ஒன்றுகூடி, வால்களை உள்ளே மறைத்துச் சிறு உருண்டைகளாகிவிடும். மிசெல் என்று அதற்குப் பெயர். எண்ணெயை உள்ளே வாங்கிக்கொள்ள இந்த உருண்டைகளுக்குள் இடம் உண்டு. சோப்பைக் குறைத்துப் போட்டால் துணி வெளுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்: பரப்புகளுக்கே சோப்பு போதவில்லை என்றால் உருண்டை பிடிக்க எதுவும் மிஞ்சாது.

துணியில் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்லெண்ணெயில் சிட்டிகை மிளகாய்த்தூள் போட்டுச் சூடாக்கி வடிகட்டினால் சிவந்த எண்ணெய் கிடைக்கும். அதில் ஒரு சொட்டை வெள்ளைப் பருத்தித் துணித் துண்டில் விட்டு ஊறவிடுங்கள். கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் துலக்குகிற லிக்விடைக் கொஞ்சம் கலந்து, துணியை அதில் அமிழ்த்திவிட்டு அசையாமல் பாருங்கள். பரவலாக இருந்த சிவப்புக் கறையின் ஓரம் மெல்ல உள்வாங்கும். நூலிழைகளின் மேல் குட்டிக் குட்டிக் குமிழ்களாக எண்ணெய் திரளும். தண்ணீர் எண்ணெய்க்கும் நூலுக்கும் நடுவே ஓரத்திலிருந்து புகுந்து, எண்ணெயைச் சுருட்டிக்கொண்டே போகிறது. தட்டையாக ஒட்டிக்கிடந்த எண்ணெய் உருண்டையாகி, கழுத்து சிறுத்து, ஒரு குலுக்கலில் பிய்ந்து மேலே மிதக்கும். கல்லில் அடிப்பதும், கும்முவதும், மெஷின் சுழற்றுவதும் இந்தக் கடைசிக் குலுக்கலுக்காகத்தான். சுருளாத எண்ணெயை எவ்வளவு அடித்தாலும் பிரயோஜனம் குறைவு, நூல்தான் கிழியும். ஊறவைக்காமல் அடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் இந்த டம்ளருக்குள் தெரியும்.

பிய்ந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி துணியில் படியாமல் பார்த்துக்கொள்வதும் சோப்புதான். துளியைச் சுற்றித் தலைகள் வெளியே தெரிய நிற்கின்றன. சோப்பின் தலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். துவைத்த தண்ணீர் பால்போலக் கலங்கலாக இருக்கிறதே, அது இந்தத் துளிகள்தான்.

இதையெல்லாம் அளக்கத் தொடங்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆக்னஸ் பாக்கெல்ஸ். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டும், உடம்பு சரியில்லாத பெற்றோரைக் கவனித்துக்கொண்டும் இருந்த பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு சிறு பொத்தானைத் தராசில் தொங்கவிட்டு, நீர்ப்பரப்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று அளந்தார். கொஞ்சம் எண்ணெய்ப்பசை கலந்தால் அந்த விசை எப்படி மாறுகிறது என்பதையும் அளந்தார். 1891-ல் லார்ட் ரேலேக்கு அவர் எழுதிய கடிதத்தை ரேலே 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிவைக்க, அது அச்சானது. பரப்பு இழுவிசை பற்றிய இன்றைய அளவீடுகளுக்கு அந்தத் தகரத் தொட்டி ஒரு மூதாதை.

அந்த அளவீடுகள் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன. 20 டிகிரித் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 73 மில்லி நியூட்டன். அதை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 66 ஆகிறது, அவ்வளவுதான். சூடாக்காமல் சலவைப் பவுடரைக் கலந்தால் 30 பக்கம் இறங்கிவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவிலான இழுவிசையும் சோப்பு சேர்ந்தால் இதைவிடப் பெரிய அளவில் விழுகிறது. ஆக, தண்ணீரை எண்ணெய்க்கு அடியில் புகவைப்பது சூடு இல்லை. சூடு செய்வது வேறு இரண்டு வேலைகள். உறைந்த கொழுப்பை உருக்குகிறது, உருகிய எண்ணெயை இன்னும் நீர்க்கவைக்கிறது. கெட்டியாக இறுகிய கொழுப்பு சுருண்டு உருண்டை ஆகாது. திரவமானால்தான் டம்ளரில் பார்த்தது நடக்கும்.

இதை ஒரு கறையை வைத்தே பார்த்துவிடலாம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஹெத்தை அம்மன் பண்டிகை வரும். கோத்தகிரி பக்கம் பேரகணியில் படுகர் இன மக்கள் வெள்ளை உடையில் திரள்வார்கள். எங்கு பார்த்தாலும் வெள்ளை. வருஷத்தில் துணி வெளுப்பாக இருந்தாக வேண்டிய நாளும், தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கிற நாளும் ஒன்றாக வந்து சேருகின்றன. அப்படிப்பட்ட ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் நெய் சிந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

நெய் ஒரே சூட்டில் உருகிவிடுகிற பொருள் இல்லை. அதில் பல வகைக் கொழுப்புகள் கலந்திருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, 40 டிகிரி எட்டுவதற்குள் முழுக்கத் திரவமாகும். நம்முடைய இலக்கு 40-க்கு மேல், ஆனால் அதற்கு மேல் அதிகம் வேண்டியதில்லை. முதல் வேலைக்கு வெந்நீரே வேண்டாம், குளிர்தான் வேண்டும். நெய் நன்றாக இறுகட்டும், ஸ்பூன் ஓரத்தால் மேலோடு சுரண்டி எடுத்துவிடலாம். துணியில் இல்லாத நெய்யைச் சோப்பு தூக்க வேண்டியதில்லை. சிந்திய உடனே வெந்நீர் ஊற்றுகிறவர்கள் அந்த மேல் நெய்யையும் உருக்கி நூலுக்குள் இறக்கிவிடுகிறார்கள், கறை அகலமாகிவிடும்.

அடுத்து, துணி காய்ந்திருக்கும்போதே கறையின்மேல் பாத்திரம் துலக்கும் லிக்விடைச் சில சொட்டு விட்டு, விரலால் இரண்டு பக்கமும் தேய்த்துப் பத்து நிமிஷம் விடுங்கள். பக்கெட் தண்ணீரில் கலந்த சோப்பைவிட நேரே கறையில் நிற்கிற சோப்பு பல மடங்கு அடர்த்தி.

பிறகு வெந்நீர். தெர்மாமீட்டர் இல்லாமல் சூட்டை எப்படிச் சரியாக்குவது? கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்த் தண்ணீர் 14 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு செம்பு கொதிநீருக்கு ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 54 வரும். பக்கெட்டும் துணியும் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும், 50 பக்கம் நிற்கும். நெய்க்கு அது தாராளம். கையை விட்டால் சில நொடிக்குமேல் வைத்திருக்க முடியாது, அதுவே அடையாளம். கோவையில் அதே ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 60-ஐத் தாண்டிவிடும், அங்கே பச்சைத் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

மூன்று லிட்டர் கொதிநீர், மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சலவைப் பவுடர். பவுடர் கரைந்த பிறகு துணியைப் போட்டு அரைமணி ஊறவைத்துக் கும்ம வேண்டும். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று இங்கே விட்டுவைக்கக் கூடாது. தண்ணீர் ஆறி 12, 13 டிகிரிக்கு வந்துவிட்டால் சோப்பு பிடித்துவைத்தது போக மிச்சக் கொழுப்பு மறுபடி உறைந்து, துணி முழுவதும் மெல்லிய பூச்சாகப் படியும். காய்ந்ததும் துணி மங்கலாக, தொட்டால் வழவழப்பாக இருக்கும். முதல் அலசலுக்கும் இதே எச்சரிக்கை: அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, இரண்டாம் அலசலைப் பச்சைத் தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இன்னும் நன்றாகப் போகாதா என்று கேட்பார்கள். உருகிய நெய் 54-லும் திரவம், 94-லும் திரவம். கூடுதல் சூட்டுக்குக் கிடைக்கிற லாபம் சொற்பம். நஷ்டம் ஒன்று உண்டு. இப்போதைய பல பவுடர்களில் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கிற என்சைம்கள் இருக்கின்றன. கொழுப்பை உடைக்கிற லிபேஸ் 1988 வாக்கில் சலவைப் பொருள்களுக்குள் வந்தது. இவை பெரும்பாலும் 40, 50 டிகிரியில் நன்றாக வேலைசெய்யும், கொதிநீரில் கெட்டுப்போகும்.

இனி சூடு உதவாத கறை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் இது தினசரிப் பிரச்சினை. ரோலர் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸ் சட்டைக் கையில் அப்பிக்கொண்டு வரும். கிரீஸ் என்பது கனிம எண்ணெயை ஒரு சோப்பால் கெட்டியாக்கிய பொருள். பரவலாகப் பயன்படும் லித்தியம் கிரீஸில் இருப்பது லித்தியம் சோப்பு, அதற்கான கொழுப்பு அமிலம் நம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. துணி சோப்பு சோடியம், இது லித்தியம், தண்ணீரில் எளிதில் கரையாது. சுழலுகிற பேரிங்கின் சூட்டில் ஒழுகிப்போகக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. 180 டிகிரி பக்கம் போனால்தான் சொட்டும். அதை 50 டிகிரித் தண்ணீரோ 94 டிகிரித் தண்ணீரோ என்ன செய்யும்? கொஞ்சம் இளகி இன்னும் பரவும், அவ்வளவுதான்.

கிரீஸுக்கு எண்ணெயால்தான் வழி. மெக்கானிக்குகள் பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்துக் கையைத் துடைப்பது அந்தக் கணக்கில்தான். கனிம எண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்து அதை நீர்க்கவைத்துவிடும். துணிக்கும் முதலில் கத்தி முனையால் கிரீஸை வழித்தெடுத்து, பழைய துணியை அடியில் வைத்து, உருக்கிய தேங்காயெண்ணெயோ கொஞ்சம் மண்ணெண்ணெயோ தடவி, மேலிருந்து இன்னொரு துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கறுப்பு அடித் துணிக்கு இறங்கும். பிறகு லிக்விட், பிறகு மேலே சொன்ன வெந்நீர்க் குளியல். மண்ணெண்ணெய் தடவியதென்றால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, வாசனை போகும்வரை வெளியே காற்றாட விட்ட பிறகுதான் துவைக்க வேண்டும், வாஷிங் மெஷினில் போடவே கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் சாம்பல் நிறத் தடம் ஒன்று மிஞ்சினால் அது எண்ணெய் இல்லை, தேய்ந்த இரும்பின் பொடி. சோப்பை மேலும் மேலும் போட்டுப் பயனில்லை.

சூடு வேண்டும் என்று கேட்கிற இன்னொரு ஆள், சோப்பே. கொழுப்பிலிருந்து செய்கிற பார் சோப்பு எந்தக் கொழுப்பில் செய்தது என்பதைப் பொறுத்துக் குளிரில் கரையும், கரையாது. பாமாயிலிலும் மிருகக் கொழுப்பிலும் நீண்ட வால் உள்ள அமிலங்கள் அதிகம். அந்தச் சோப்பு குளிர்ந்த தண்ணீரில் வழுக்குமே தவிர நுரைக்காது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், வால் குட்டை. அதனால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு குளிரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கிறது. மார்கழிக் காலையில் சில பார்கள் கல்லில் கல்லாகவே தேய்வதற்குக் காரணம் போலிச் சோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெந்நீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், அதே சோப்பு வேலை செய்யும்.

டிடர்ஜென்ட் இந்த இடத்தில்தான் சோப்பை மிஞ்சியது. சாதாரண சலவைப் பவுடரில் பெரும்பாலும் இருக்கிற முக்கியச் சரக்கு பெட்ரோலியத்திலிருந்து வருவது. சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிக்கிற லீனியர் ஆல்கைல் பென்சீன் என்ற திரவத்தைக் கந்தக வேதிமாற்றம் செய்து, சோடா சேர்த்தால் அந்தச் சரக்கு கிடைக்கும். அது குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். உப்புத் தண்ணீரிலும் சோப்புபோலத் திரிந்துபோகாது. அவிநாசிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் பார் சோப்பு போட்டால் வெள்ளைத் திப்பி மிதக்குமே, அது தண்ணீரின் கால்சியமும் சோப்பும் சேர்ந்த கரையாத பொருள். அதுவே துணியில் படிந்து விறைப்பாக்கும். எங்கள் ஊர் மெல்லிய தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் இங்கே பவுடரைக் குறைத்தே போடலாம். கோவை உறவினர் வீட்டு அளவில் போட்டால் எத்தனை அலசலுக்கும் நுரை அடங்காது.

சூட்டை முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்கள். சமவெளியில் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அடுப்பில் ஏற்றிய பானைகளுக்கு மேல் அடுக்கி, ராத்திரி முழுவதும் ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், சலவைச் சோடாவின் இனம். அழுக்கு எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலங்களோடு அது சேர்ந்து, துணியிலேயே சோப்பாக மாறிவிடும். கறையே சோப்பாகிக் கறையைத் தூக்கும். இங்கே சூடு கொழுப்பை உருக்குவதோடு நிற்கவில்லை, வேதிவினையையும் வேகப்படுத்துகிறது, அதற்கு மணிக்கணக்கான நேரமும் கொடுக்கப்படுகிறது. சோப்பு விலைக்கு வராத காலத்தில் பிசுபிசுத்த வேட்டி பளிச்சென்று திரும்பி வந்தது இந்த வேதியியலால். பருத்தி இதைத் தாங்கும். எங்கள் ஊர் ஸ்வெட்டரும் கம்பளியும் தாங்காது. காரமும் சூடும் அடியும் சேர்ந்தால் கம்பளி நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கிவிடும். அதற்குக் காரமில்லாத லிக்விட், 30 டிகிரித் தண்ணீர், கசக்காத கை.

சூடு கெடுக்கிற கறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம், முட்டை, பால் மூன்றிலும் புரதம் உண்டு. வெந்நீர் பட்டால் புரதம் வெந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். பால் டீ சிந்தினால் அதில் புரதம், வெண்ணெய்ப் பசை, தேயிலைச் சாயம் மூன்றும் இருக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிப் பாலை வெளியேற்ற வேண்டும், பிறகுதான் வெதுவெதுப்பு. கறிக்குழம்புக் கறையில் சோப்பைத் தேய்த்தால் மஞ்சள் சிவப்பாக மாறி மிரட்டும், சோப்பின் காரத்துக்கு மஞ்சள் காட்டுகிற நிறம் அது. அலசினால் மஞ்சளாகத் திரும்பும். எண்ணெய் போன பிறகு மஞ்சளை வெயிலில் போடுங்கள், வெயிலே தின்றுவிடும்.

துணி காய்ந்த பிறகு எண்ணெய் போயிற்றா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஈரத்தில் கறை தெரியாது, ஏமாற்றும். காய்ந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய் மிச்சமிருக்கிற இடம் மட்டும் கண்ணாடிபோல ஒளியை விடும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கலாம். சுத்தமான பருத்தி உடனே குடித்துவிடும். எண்ணெய் இருந்தால் சொட்டு முத்தாக நிற்கும். முத்தாக நின்றால் இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை அந்தச் சூட்டில் காற்றோடு சேர்ந்து மஞ்சளாக இறுகிவிடும், பிறகு வெந்நீருக்கும் மசியாது, சோப்புக்கும் மசியாது. மறுபடி லிக்விட், மறுபடி ஒன்றுக்கு ஒன்று வெந்நீர், அரைமணி. சொட்டை உடனே குடிக்கிற நிலைக்குத் துணி வந்த பிறகு இஸ்திரி போடலாம்.